திருமால்பூரில் நிற்கும் வண்டி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
திங்கட்கிழமை

அன்புள்ள சத்யப்ரியாவுக்கு,

இளவரசன் எழுதிக்கொள்வது. நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கிறேன்" என்று ஒரு குரலில் சொல்வாயே, அந்தக் குரல் காகிதத்திலிருந்துகூட எனக்குக் கேட்கும். அதனால் நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இங்கே நானும் அபியும் நலம். நான் நலம் என்பதைப் பக்கத்து வீட்டு கங்கையம்மாளிடம் கேட்டால் அவர் வேறு மாதிரி சொல்லுவார், அதை விடு.

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு எவனாவது கடிதம் எழுதுவானா என்று உன் தம்பி லோகேஷ் சிரிப்பான். சிரிக்கட்டும். ஃபோனில் நான் வாயைத் திறந்ததும் குரல் தானாக ஏறிவிடுகிறது. நீ உடனே கட் செய்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் கோபம் பாதியில் இருக்கும்போதே விரல் அனுப்பித் தொலைத்துவிடுகிறது. பிறகு அழித்தால், இன்னா அழிச்சீங்க என்று அதற்கு ஒரு சண்டை. கடிதம் என்றால் கட் செய்ய முடியாது. வேண்டுமானால் கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் கடைசி வரைக்கும் படித்துவிடு, அது போதும்.

அத்தைக்கு மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள் என்று லோகேஷ் சொன்னான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டு வரை வந்து, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்களாம். சந்தோஷம். கால் உடைந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நீ அரக்கோணம் போனாய் என்று தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தேன். கட்டு பிரித்த பிறகும் கேட்கிறார்கள். இனிமேல் நான் என்னத்தைச் சொல்வது?

அபி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாள். யு.கே.ஜி. டீச்சரைப் பிடித்திருக்கிறதாம். தலை பின்னுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. தறிமேல் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியில் அத்தனை கொக்கிகளையும் கோணாமல் நிமிர்த்தி வைக்கிறவனுக்கு இரண்டு பின்னல் ஒரே உயரத்தில் வரமாட்டேன் என்கிறது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா போட்டா ரெண்டும் ஒண்ணா இருக்கும்" என்கிறாள். காலையில் தறிக்காரர்கள் பெட்டி நின்றுவிட்டது, வா வா என்று ஃபோன் போடுகிறார்கள். இந்தப் பக்கம் இவள் ரிப்பனை அவிழ்த்துவிட்டு மறுபடி போடு என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

சனிக்கிழமை உன் தம்பி ஃபோன் செய்து, "அக்கா நாளைக்கு சாயந்தர வண்டிக்கு வரும்னு நினைக்கிறேன் மாமா" என்றான். நினைக்கிறேன் என்றான் என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அப்போது வரும் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அபியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து வண்டி வந்துடுச்சா, வந்துடுச்சா என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்த மயில்கழுத்து நிறப் பாவாடைதான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டிக்கொண்டாள். வழியில் பேக்கரியில் பைக்கை நிறுத்தச் சொல்லி ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டாள். நீங்கள் இரண்டு பேரும் பாதிப் பாதி பிட்டுத் தின்பீர்களே, அதற்கு.

ஸ்டேஷனுக்குப் போனால் வண்டியைக் காணோம். வண்டி எங்கே என்று ஃபோனில் பார்த்தால் திருமால்பூரில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நகரவே இல்லை. என்னைத் தெரியுமே உனக்கு. ரயில்வே கேட் மூடியிருந்தால்கூட இன்ஜினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்பவன் நான். பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். என் பின்னாலேயே இவளும் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி ஓடி வந்து, எப்போ வரும், ஏன் வரல, இப்போ வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அவளைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்து, "பொறுமையா இரு அபி" என்று ஒரு அதட்டு போட்டேன்.

அவள் அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்து, "பொறுமைன்னா இன்னாப்பா?" என்றாள்.

நம் பெண்ணுக்கு அந்த வார்த்தை தெரியாது என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும், சத்யா. நீ அவளிடம் "இரு கண்ணு" என்பாய். நான் "சும்மா இரு" என்பேன். வீட்டில் யாரும் அவளிடம் பொறுமை என்று சொன்னதில்லை போலிருக்கிறது. நான் அவசரத்துக்கு, "ஆடாம அசையாம உக்காந்துக்கினு இருக்கிறதுதான்" என்று சொல்லிவைத்தேன். அதோடு விடுவாளா? பிளாட்பாரத்தில் ஒரு நாய் சுருண்டு கிடந்தது. "அந்த நாய் பொறுமையா இருக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். பெஞ்ச் கோடியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். "அந்தத் தாத்தா?" என்றாள். அது தூக்கம் என்றேன். நாயும்தானே தூங்குது என்றாள். சரி, நாயும் பொறுமை இல்லை என்று ஒத்துக்கொண்டேன். அடுத்து பெஞ்சைத் தட்டி, "இது ஆடாம அசையாமதான் இருக்குது, இது பொறுமையா?" என்றாள்.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. "பெஞ்சுக்கு எதுவும் வேணாம் அபி. ஏதாவது வேணும்னு இருக்கணும், அது வர்ற வரைக்கும் இருக்கணும், அதான் பொறுமை" என்றேன். சொன்ன பிறகு பரவாயில்லையே என்று எனக்கே தோன்றியது. அவள் பன்னைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "எனக்கு இது வேணும். ஆனா திங்கல. இது பொறுமையா?" என்றாள். ஆமாம், அம்மா வந்ததும்தானே திங்கப் போகிறாய், அதனால் பொறுமைதான் என்றேன். "அப்ப அம்மா வர்ற வரைக்கும் நான் கத்தக்கூடாதா?" என்றாள். கத்தக்கூடாது என்றேன். "அழலாமா?" என்றாள். கொஞ்சமாக அழலாம் என்று சொல்லிவிட்டேன். தப்பா?

அவள் வாயை அடைக்க இன்னொன்றும் செய்து பார்த்தேன். சட்டைப் பையில் சிக்குப் பிடித்த பட்டு நூல் கொஞ்சம் கிடந்தது. அதை அவள் கையில் கொடுத்து, இழுத்தால் இறுகும், மெதுவாகப் பிரித்தால் பிரியும், இதுதான் பொறுமை என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறுத்து முடி போட்டா ஆச்சு. நீ அப்படித்தான செய்வ?" என்று என்னிடமே கொடுத்துவிட்டாள். பெஞ்சில் தூங்குவதாக நான் நினைத்த பெரியவர் சிரித்தார். நம் பெண்ணுக்கு நான் எதைக் கற்றுக்கொடுத்தாலும் அவள் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். இது நல்லதா கெட்டதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

பிறகு டிக்கெட் கவுன்டரில் போய்க் கேட்டேன். கேட்டேன் என்ன, கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். உள்ளே இருந்த அம்மா நிமிராமலேயே, "திருமால்பூர்ல க்ராசிங் சார். எதிர்ல கூட்ஸ் வருது" என்றார். ஆள் ஏறிய வண்டியை நிறுத்திவிட்டு கூட்ஸை விடுவார்களா, இது எந்த ஊர் நியாயம் என்றேன். அதற்கு அவர், கூட்ஸ் ஏற்கனவே வாலாஜாபாத்தை விட்டு இந்தப் பக்கம் கிளம்பிவிட்டது, ஒரே தடம், வந்துகொண்டிருப்பதை எங்கே தூக்கி வைப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அபி விடவில்லை. ஒரே தடம்னா இன்னா என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டை ஜோபியிலிருந்து பேனாவை எடுத்து, பன் கட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தில் போட்டுக் காட்டினேன். காஞ்சிபுரத்துக்கும் திருமால்பூருக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு. போகிற வண்டிக்கும் அதுதான், வருகிற வண்டிக்கும் அதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் அந்தக் கோட்டில் வந்தால் மூஞ்சியில் மூஞ்சி இடித்துக்கொள்ளும். ஆனால் திருமால்பூர் ஸ்டேஷனில் கோடு இரண்டாகப் பிரிகிறது. அம்மா வண்டி அங்கே பக்கத்துக் கோட்டில் ஒதுங்கி நிற்கும். அதற்கு சிவப்பு விளக்கு. கூட்ஸ் வண்டி நம் ஸ்டேஷனைத் தாண்டி, அந்த ஒற்றைக் கோடு முழுக்க ஓடி, திருமால்பூருக்குள் போய், கடைசிப் பெட்டியும் உள்ளே வந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் அம்மா வண்டிக்குப் பச்சை போடுவார்கள். இவ்வளவையும் சொன்னேன். என்னிடம்கூட நீங்கள் எதையும் இவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னதில்லையே என்று நீ முனகுவது கேட்கிறது.

அவள் விரலை அந்தப் பக்கத்துக் கோட்டின் மேல் வைத்தாள். "அம்மா வண்டிக்கு ஓடத் தெரியும்ல?" தெரியும். "ஓடணும்னு ஆசையா இருக்கும்ல?" இருக்கும் என்றேன், டிரைவருக்காவது இருக்கும். "ஆனா நிக்குது." ஆமாம். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "அப்பா, அந்த வண்டி பொறுமையா இருக்குது" என்றாள். அப்போது அவள் என்னைக் கேட்கவில்லை, எனக்குச் சொன்னாள். நாயிலும் பெஞ்சிலும் பன்னிலும் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குக்கூட ஒரு நிமிஷம் கோபம் மறந்துபோனது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு வண்டியும் பொறுமையா நின்னுட்டா?" என்றாள். நான் ஃபோனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும் நின்னா ஒண்ணும் ஊர் போய்ச் சேராது. எதாவது ஒண்ணு கிளம்பி வரணும்" என்று சொல்லிவைத்தேன். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கூட்ஸ் வந்தது. கார் ஏற்றிப் போகும் மூடின பெட்டிகள், முடிவே இல்லாமல். பிளாட்பாரமே அதிர்ந்தது. ஸ்டேஷன்காரர் ஒருவர் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அபியும் அவர் பக்கத்தில் நின்று கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தாள். அதிலிருந்த கார்டு இவளுக்கும் கொடியை ஆட்டிவிட்டுப் போனார். கூட்ஸ்தான் போய்விட்டதே, இனி வண்டி வந்துவிடும் என்று நான் எழுந்து நின்றேன். வண்டி வரவில்லை. மறுபடியும் கவுன்டருக்குப் போய், கூட்ஸ் போய் எவ்வளவு நேரமாகிறது, இன்னும் அங்கே என்னத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அபி என் கையைப் பிடித்து இழுத்து, "அது இன்னும் திருமால்பூர் போய்ச் சேரலப்பா. கடைசிப் பெட்டி உள்ள போணும். நீ பொறுமையா இரு" என்றாள். கவுன்டர் அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். என்னை இல்லை, அவளை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்ததும் அவள் அந்தப் புது வார்த்தையைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். டீச்சர் பொறுமை. கங்கையம்மா சோறு ஊட்டும்போது பொறுமை, டீவி பார்க்கும்போது பொறுமை இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு காலை ஆட்டிக்கொண்டே, "கருடசேவ அன்னிக்கு நாம பொறுமையா இல்லல்ல?" என்றாள்.

இப்போது நீ கடிதத்தை மடித்து வைக்காதே. நான் அதைப் பற்றி எழுதத்தான் போகிறேன், என் கட்சியையும் கேள். கருடசேவைக்கு விடியற்காலையில் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்துவிடுவார் என்பது சின்ன காஞ்சிபுரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தேன். நீ புடவை மடிப்பு சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தாய். அவர் நமக்காக நிற்பாரா? குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, பின்னாலேயே வந்து சேர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோவை விடமாட்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை. நீ நடந்தே வந்ததும், செருப்பு அறுந்ததும், எங்களைத் தேடியதும், உனக்குப் பெருமாள் கிடைக்காமல் தூரத்தில் போகிற குடைதான் கிடைத்தது என்பதும் நீ சொல்லித்தான் தெரியும். அபிக்கு முதல் கருடசேவை, நான்தான் அவளுக்குக் காட்டணும்னு இருந்தேன் என்று நீ சொன்னாய். அதற்கு நான், யார் காட்டினால் என்ன, பார்த்துவிட்டாளே என்றேன். அன்றைக்கு அது சரியான பதிலாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபத்தோடுதான் நீ அரக்கோணம் போனாய்.

நேற்று அவள் அதைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றினேன். தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

கடைசியில் வண்டி வந்தது. மகளிர் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியாமல் நாங்கள் முன்னாலும் பின்னாலும் ஓடினோம். பட்டுப் புடவை வாங்க வந்த கூட்டம், கோயிலுக்கு வந்த கூட்டம், கூடைக்காரர்கள் எல்லாரும் இறங்கினார்கள். இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் அபி பார்த்தாள். சிலரைப் பின்பக்கத்திலிருந்து பார்த்து நீதான் என்று பன்னை உயர்த்தினாள். வண்டி கிளம்பிப் போனது. பிளாட்பாரத்தில் நாங்களும் அந்த நாயும்தான் மிச்சம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் லோகேஷுக்கு ஃபோன் போட்டேன். வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தா இன்னாடா அர்த்தம், குழந்தை இங்கே காத்துக்கினு கிடக்குது என்று கத்தினேன். ஸ்பீக்கரில் இருந்தது. அவன் சொன்னான்: "அக்கா காலையிலயே பையெல்லாம் எடுத்து வெச்சிக்கினு கூடத்துலதான் உக்காந்துக்கினு இருந்துது மாமா. நீங்க ஒரு ஃபோன் போட்டு வான்னு கூப்புடுவீங்கன்னு பாத்துது. வண்டி போற வரைக்கும் பாத்துட்டு அப்புறம் பைய உள்ள வெச்சிடுச்சு."

உன் வீட்டுக்கு நீ வருவதற்கு நான் வெத்தலை பாக்கு வைத்து அழைக்கணுமா, கதவு திறந்துதானே கிடக்கிறது என்று அவனிடம் கேட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிற்கிறேனே, அது அழைப்பு இல்லையா என்றும் கேட்டேன். நீ வந்து நின்றால்தானே அது உனக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும், சரி மாமா சரி மாமா என்று வைத்துவிட்டான்.

வா போகலாம் என்று அபியைத் தூக்கினேன். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் என் தோளில் இருந்தபடி, அந்தக் காகிதத்தைப் பிரித்து, பக்கத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா திருமால்பூர்ல நிக்கிறாங்கப்பா. பொறுமையா இருக்கிறாங்க."

அவங்க அரக்கோணத்தில் இருக்கிறாங்க அபி என்றேன், எரிச்சலோடு. அவள் கேட்கவில்லை. அம்மாவுக்கு வரத் தெரியும், வரணும்னு ஆசையா இருக்குது, பைகூட எடுத்து வெச்சாங்க, ஆனா நிக்கிறாங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர் வண்டி போனாத்தான் அம்மாவுக்குப் பச்சை விழும் என்றாள். எதிர்ல எந்த வண்டி போகணும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீதான்பா" என்றாள். "நீயும் நின்னுக்கினே இருக்கிற. ரெண்டும் நின்னா ஊர் போய்ச் சேராதுன்னு நீதான சொன்ன?"

நான் பைக்கை எடுக்காமல் ஸ்டேஷன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், சத்யா. ஆட்டோக்காரர் ஒருவர் நகரு நகரு என்று ஹாரன் அடித்தார். நகரவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். உன் மேலா, உன் தம்பி மேலா, அந்த கூட்ஸ் மேலா என்று எனக்கே தெரியவில்லை. சாயந்தரம் வரைக்கும் தெரியாத ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு, வண்டி வந்து போவதற்குள் அதை வைத்து அப்பனை மடக்கிவிட்டாள் உன் பெண். உன்னைத்தான் உரித்து வைத்திருக்கிறாள்.

அந்தப் பன் இப்போது சமையலறை அலமாரியில் இருக்கிறது. அவள் தொடவில்லை. கெட்டுப்போகும், எறும்பு வரும், நீ தின்னுடு என்று கங்கையம்மாள் சொன்னதற்கு, "நான் பொறுமையா இருக்கிறேன்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். கங்கையம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானும் அபியும் அரக்கோணம் வருகிறோம். வழியில் எங்கே நிறுத்தினாலும் நிற்போம், அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் கத்த முடியாது. புதுப் பன் வாங்கிக்கொண்டு வருவோம். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வெயில். அத்தைக்குச் சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பு. பையை மறுபடி எடுத்து வை. புடவை மடிப்பு சரியில்லை என்றால் அவிழ்த்துக் கட்டு, இன்னொரு தடவை வேண்டுமானாலும் கட்டு. அபிக்குத் தலை பின்னிவிடு, இரண்டும் ஒரே உயரத்தில் வரட்டும். அது வரைக்கும் நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ஹாரன் அடிக்க மாட்டேன். வண்டியையே நான் கொண்டுவரவில்லையே, எதை அடிப்பது?

அடுத்த கருடசேவைக்கு நீதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். நான் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நடந்து வருகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். அவர் கால் பூரணமாகக் குணமாக வரதராஜப் பெருமாள் துணை இருக்கட்டும்.

கிளம்பி வா என்று எழுத உட்கார்ந்தேன், சத்யா. நான் கிளம்பி வருகிறேன் என்று எழுதி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
இளவரசன்

அந்தக் காகிதத்தை அபி உனக்கு அனுப்பச் சொன்னாள். உள்ளே வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் இருப்பது திருமால்பூர். எதிரில் வரும் வண்டியின் ஜன்னலில் மீசையோடு ஒரு தலை போட்டிருக்கிறாளே, அது நானாம்.